வெயிலில் கிடந்த குளிர்ப்பை

பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரப் பந்தல் ஒன்றில், மோரும் சர்பத்தும் ஊற்றுகிற மேசைக்குப் பக்கத்தில் முதலுதவிக்கென்று ஒரு சிறிய மேசை போட்டிருந்தோம். நண்பகல் தாண்டிய நேரம். மலைப்படி இறங்கி வந்த பெரியவர் ஒருவர் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேனின் பின்பக்கம் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து உடனடிக் குளிர்ப்பை ஒன்றை எடுத்தேன். உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பை உடையும்படி இரண்டு கையாலும் அழுத்தி, குலுக்கி, துணியில் சுற்றி அவர் காலில் வைத்தேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குளிரவே இல்லையே" என்றார். துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

உடன் வந்திருந்த அக்காள் மகள் படிவம் 5 படிக்கிறாள். "காலாவதி ஆகிவிட்டதா, மாமா?" என்று பையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். காலாவதிக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. பக்கத்துப் பந்தலிலிருந்து ஒரு கிண்ணம் ஐஸ் வாங்கிப் பெரியவரின் காலுக்கு ஒத்தடம் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வேதியியல் ஆசிரியன். அந்தப் பை கெட்டுப்போகவில்லை என்பதை நான் அந்த இடத்திலேயே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுவாரம் அதே பெட்டியிலிருந்து மூன்று பைகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றைக் கத்தரியால் வெட்டி, உள்ளே இருந்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். வெள்ளை மணிகளாக 60 கிராம் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பு, தனிப் பையில் 150 கிராம் தண்ணீர். இரண்டாவது பையை வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் வைத்தோம், தைப்பூசத்தன்று வேனில் கிடந்ததைப் போலவே. மூன்றாவதைக் குளிர்சாதன அறையில் வைத்தோம். மூன்று மணி நேரம் கழித்து இரண்டையும் உடைத்து வெப்பமானியால் பார்த்தோம். காரில் இருந்தது 42 டிகிரியிலிருந்து 22க்கு இறங்கியது. அறையில் இருந்தது 24 டிகிரியிலிருந்து 5க்கு இறங்கியது. இரண்டுமே ஏறத்தாழ 20 டிகிரி குறைந்திருந்தன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. தொடங்கிய இடம்தான் வேறு.

குளிர்ப்பையைக் கையில் எடுக்கும் பலரும் அது ஐஸைப்போல ஒரு குறிப்பிட்ட குளிர்ச்சிக்குப் போய் நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி நிற்காது. உப்பு கரையும்போது குறிப்பிட்ட அளவு வெப்பத்தை நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். எதில் போய் நிற்கும் என்பது பை எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்தது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் அம்மோனியம் நைட்ரேட் என்பது 80 கிராம். அது கரைய 25.7 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பையில் இருப்பது 60 கிராம், அதாவது முக்கால் மோல். ஆகவே அது ஏறத்தாழ 19.3 கிலோஜூலை எடுத்துக்கொள்ளும். உப்பும் நீருமாகச் சேர்ந்து 210 கிராம் கரைசல். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி இறங்க 4.2 ஜூல் போக வேண்டும் என்பதை அப்படியே கரைசலுக்கும் வைத்துக்கொண்டால், மொத்தம் ஒரு டிகிரிக்கு 880 ஜூல். 19,300ஐ 880ஆல் வகுத்தால் 22. நாங்கள் அளந்தது 20ஐ ஒட்டி. இந்தக் கணக்கில் இரண்டு தோராயங்கள் உண்டு. செறிந்த கரைசலில் உப்பு எடுக்கும் வெப்பம் பாடநூல் எண்ணைவிடக் குறைவு. செறிந்த கரைசலின் வெப்பக் கொள்ளளவும் தூய நீரைவிடக் குறைவு. ஒன்று விடையைக் கீழே இழுக்கிறது, மற்றொன்று மேலே தள்ளுகிறது. அதனால்தான் எளிய கணக்கே இவ்வளவு அருகில் வந்து விழுகிறது.

ஐஸோடு ஒப்பிட்டால் இன்னொன்று தெரிகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். ஒரு கிராம் அம்மோனியம் நைட்ரேட் கரைய ஏறத்தாழ 320 ஜூல். கிராமுக்குக் கிராம் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஐஸ் அந்த வெப்பத்தை நம் உடம்பிலிருந்து மெல்ல மெல்ல வாங்குகிறது. முழுவதும் உருகி முடியும்வரை 0 டிகிரியிலேயே நிற்கிறது. குளிர்ப்பையோ தன் முழுச் சக்தியையும் முதல் நிமிடத்திலேயே தன்னிடம் உள்ள தண்ணீரைக் குளிர்விக்கச் செலவழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் குளிர்ந்த கரைசல். நம் உடம்பும் சுற்றியுள்ள காற்றும் அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அன்று பக்கத்துப் பந்தலில் ஐஸ் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

இனி அந்த 25.7 கிலோஜூல் எதற்காகச் செலவாகிறது என்று பார்க்கலாம். உப்பு என்பது நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து அடுக்கிய படிகம். அதைக் கரைப்பது என்றால் அந்தப் பிடிகளையெல்லாம் விடுவிக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். விடுபட்ட ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டது. ஆகவே நேர் அயனியை ஆக்சிஜன் பக்கமும் எதிர் அயனியை ஹைட்ரஜன் பக்கமும் பற்றிக்கொள்கின்றன. இந்தப் புதிய பிடி உண்டாகும்போது ஆற்றல் வெளிப்படும். இதை நீரேற்றம் என்கிறோம். பிரிப்பதற்கான செலவும் நீரேற்றத்தால் வரும் வரவும் சேர்ந்துதான் தண்ணீர் சுடுவதா குளிர்வதா என்பதை முடிவு செய்கின்றன.

வியப்பு என்னவென்றால், செலவும் வரவும் மிகப் பெரிய தொகைகள், மிஞ்சுவதோ சில்லறை. சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் சோடியம் குளோரைடைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க 787 கிலோஜூல் வேண்டும். நீரேற்றத்தில் திரும்பி வருவது ஏறத்தாழ 783. பற்றாக்குறை 4 கிலோஜூல்தான். ஒரு கோப்பை நீரில் ஒரு பெரிய கரண்டி உப்பைக் கரைத்தால் நீர் ஓரிரண்டு டிகிரி குளிரும். கைக்குத் தெரியாது, வெப்பமானிக்குத் தெரியும். ரசத்துக்கு உப்புப் போடும்போது நாம் ஒருநாளும் இதைக் கவனித்திருக்க மாட்டோம்.

கால்சியம் குளோரைடில் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. கால்சியம் அயனி சிறியது, அதன் மின்னூட்டம் இரட்டை. அதனால் படிகத்தின் பிடியும் பலமாக இருக்கிறது. ஒரு மோலைப் பிரிக்க ஏறத்தாழ 2,250 கிலோஜூல் வேண்டும். ஆனால் அதே காரணத்தால் நீர் மூலக்கூறுகளும் அந்த அயனியை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. குளோரைடு அயனிகளின் பங்கையும் சேர்த்தால் திரும்பி வருவது 2,330ஐ ஒட்டி. மீதம் ஏறத்தாழ 81 கிலோஜூல் வெப்பமாக வெளிவருகிறது. உடனடிச் சூட்டுப்பையின் உள்ளே நடப்பது இதுதான்.

அம்மோனியம் நைட்ரேட்டில் உள்ள இரண்டு அயனிகளுமே பெரியவை, ஒற்றை மின்னூட்டம் கொண்டவை. மின்னூட்டம் பெரிய உருவத்தில் பரவிக் கிடப்பதால் நீர் அவற்றை அவ்வளவு இறுக்கமாகப் பற்றுவதில்லை. பிரிக்கும் செலவில் ஒரு பங்கு ஈடுகட்டப்படாமல் நிற்கிறது. அந்தப் பற்றாக்குறையைத் தண்ணீரின் வெப்பம்தான், அதாவது நீர் மூலக்கூறுகளின் ஓட்டமும் அதிர்வும்தான், கட்டுகிறது. ஓட்டம் தணிகிறது, நாம் அதைக் குளிர்ச்சியாக உணர்கிறோம்.

இங்கே என் மாணவர்கள் ஆண்டுதோறும் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆற்றல் பற்றாக்குறை என்றால் உப்பு ஏன் கரைகிறது? கரையாமலே இருந்துவிடலாமே? நல்ல கேள்வி. இதற்கு நான் எப்போதும் வியர்வையைக் காட்டுவேன். ஈரச் சட்டையோடு மின்விசிறிக்குக் கீழே நின்றால் உடம்பு குளிர்கிறது. வியர்வை ஆவியாக வெப்பம் தேவை. அதை நம் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் யாரும் தூண்டாமல் ஆவியாகிறது. நீர் மூலக்கூறுகள் தோலில் ஒட்டிக் கிடப்பதைவிட அறை முழுவதும் பரவிக் கிடக்க எத்தனையோ மடங்கு அதிக வழிகள் உண்டு. உப்பும் அப்படித்தான். படிகத்தில் ஒவ்வோர் அயனிக்கும் ஒரே இடம். கரைசலில் அது எங்கும் திரியலாம். அப்படிப் பரவும் வழிகளின் பெருக்கத்தைத்தான் என்ட்ரோப்பி என்று அளக்கிறோம். பற்றாக்குறை சிறியதாக இருக்கும்வரை, பரவும் வாய்ப்பு அதை வென்றுவிடும். பற்றாக்குறை மிகப் பெரியதானால் வெல்லாது. அப்படிப்பட்ட உப்பு கரையாமல் அடியில் தங்கிவிடும்.

வெடியுப்பு இதற்குப் பழைய சாட்சி. பொட்டாசியம் நைட்ரேட்டைத்தான் வெடியுப்பு என்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் அக்பரின் அரண்மனையில் குடிநீரைக் குளிர்விக்க அதைப் பயன்படுத்தினார்கள். உப்பு கரைந்த நீருக்குள் குடிநீர்க் குடுவையை வைத்துச் சுழற்றுவார்கள். கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் வெடியுப்பு அம்மோனியம் நைட்ரேட்டைவிடச் சற்று அதிகமாகவே வெப்பத்தை எடுக்கிறது. பிறகு ஏன் அதை இன்றைய பைகளில் போடுவதில்லை? நீர் குளிரக் குளிர அதன் கரைதிறன் சரிகிறது. 20 டிகிரியில் 100 கிராம் நீரில் 32 கிராம் வரை கரைகிற வெடியுப்பு, 0 டிகிரியில் 13 கிராம்தான் கரையும். தான் உண்டாக்கிய குளிர்ச்சியே தன்னை மேலும் கரையவிடாமல் தடுத்துவிடுகிறது. அம்மோனியம் நைட்ரேட்டோ 0 டிகிரியிலும் 100 கிராம் நீரில் 118 கிராம் கரையும். ஆனால் அது வெடிமருந்துக்கும் மூலப்பொருள் என்பதால் இப்போது பல பைகளில் யூரியாவைப் போடுகிறார்கள். யூரியா உப்பே அல்ல, அயனிகளாகப் பிரிவதும் இல்லை. அதன் படிகத்தைக் குலைக்க ஆகும் செலவு வேறு வகை. அதுவும் நீரிடமிருந்தே வருகிறது. குளிர்ச்சி கொஞ்சம் குறைவு, கையாள்வது எளிது.

இவ்வளவும் சொன்ன பிறகும் "இந்த உப்பு சுடும், அந்த உப்பு குளிரும்" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது போதாது என்பதற்கு என் கையில் ஒரு சான்று உண்டு. அது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

மலேசியக் காற்றின் ஈரத்தில் பட்டுப்புடவையும் தோல் பையும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் பெட்டி வைப்போம் அல்லவா? மேல்தட்டில் வெள்ளை மணிகள் இருக்கும். சில வாரத்தில் அவை காணாமல்போய், கீழ்த்தட்டில் தண்ணீர் நிற்கும். அந்த மணிகள் பெரும்பாலும் கால்சியம் குளோரைடுதான், சூட்டுப்பையில் இருக்கும் அதே பொருள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மருமகளோடு உட்கார்ந்து அதை மூன்று விதமாகச் சோதித்தேன்.

முதல் குவளையில் 30 டிகிரி நீர் 100 கிராம். அதில் நீரற்ற கால்சியம் குளோரைடு 20 கிராம் போட்டுக் கலக்கினோம். வெப்பமானி 57ஐத் தொட்டது. கணக்கின்படி 20 கிராம் என்பது 0.18 மோல், 14.6 கிலோஜூல் வெளிவரும். 120 கிராம் கரைசல் 29 டிகிரி ஏற வேண்டும். குவளையும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. இரண்டாவது குவளையில் அலமாரிப் பெட்டியில் தேங்கிய நீரை ஊற்றி, அதே வெப்பநிலையில் இருந்த நல்ல நீரைச் சேர்த்தோம். ஒரு டிகிரி அளவுக்கே ஏறியது. அந்த உப்பு தன் வெப்பத்தை வாரக்கணக்கில், யாருக்கும் தெரியாமல், அலமாரிக்குள்ளேயே கொடுத்து முடித்துவிட்டது.

மூன்றாவதுதான் அவளை எழுந்து நிற்க வைத்தது. ஆய்வுக்கூடத்தில் கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் என்று ஒரு புட்டி இருக்கிறது. அதன் படிகத்திலேயே ஒவ்வொரு கால்சியத்துக்கும் ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். 30 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அதைக் குளிர்சாதன அறையில்தான் வைக்கிறோம். பினாங்கின் பகல் சூட்டில் அது படிகமாக நிற்காது. அந்த அறையிலேயே 24 டிகிரி நீர் 80 கிராமில் அந்தப் படிகம் 40 கிராம் போட்டோம். அதில் இருக்கும் கால்சியம் குளோரைடு முதல் குவளையில் போட்ட அதே 20 கிராம்தான். மீதி 20 கிராம் படிகத்தோடு வந்த நீர். கரைந்து முடிந்தபோது வெப்பமானி 18 காட்டியது. "குளிர்கிறதே மாமா!" என்று குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரே கால்சியம், ஒரே குளோரைடு, முடிவில் ஒரே கரைசல். ஆனால் ஒன்று நீரைச் சுட வைத்தது, மற்றொன்று குளிர வைத்தது.

நீரேற்றத்தின் பெரும்பகுதி அந்தப் படிகத்தில் முன்பே நடந்துவிட்டது என்பதுதான் காரணம். கால்சியத்தை நெருங்கிப் பற்றும் முதல் ஆறு நீர் மூலக்கூறுகள்தான் பெருவரவைக் கொண்டுவருபவை. அவை ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டதால், கரையும்போது புதிதாகக் கிடைக்கும் வரவு கொஞ்சமே. படிகத்தைக் குலைக்கும் செலவோ மிச்சம் இருக்கிறது. இடையில் இரண்டே நீர் மூலக்கூறுகள் சேர்ந்த டைஹைட்ரேட் வகையும் உண்டு. அது சுடும், ஆனால் நீரற்றதைப்போலப் பாதிதான்.

சூட்டுப்பையின் உறை நம் ஊருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்பு ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும். அந்தப் பையை உடைத்தால் வெதுவெதுப்புக்கூட வராது. வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் சலசலவென்று ஓட வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலோ, உள்பை உடையாமலே வெளிப்பையில் நீர் தளும்பினாலோ அது வெப்பத்தையோ குளிர்ச்சியையோ முன்பே செலவழித்துவிட்ட பை. குளிர்ப்பைக்கும் இதே சோதனைதான். அன்று வேனில் இருந்த பெட்டியை மருமகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் குலுக்கினாள், எல்லாம் ஓடின.

தொடங்கும் இடம் சூட்டுப்பையில் எதிர்த்திசையில் விளையாடும். 29 டிகிரி ஏற்றும் பை, கேமரன்மலையின் 15 டிகிரி விடியலில் 44இல் நிற்கும், இதமாக இருக்கும். பட்டர்வொர்த்தில் 32 டிகிரி அறையில் உடைத்தால் 60ஐத் தாண்டும். அந்தச் சூடு தோலில் நேராகப் பட்டால் சில விநாடிகளிலேயே புண்ணாக்கும். வயதானவர்களுக்கும், நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் சூடு தெரியாமலே புண் ஆகிவிடும். நான் அவர்களுக்கு இந்தப் பையைக் கொடுப்பதே இல்லை; மற்றவர்களுக்கும் கட்டாயம் தடித்த துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

கடையில் சூட்டுப்பை என்று விற்பதெல்லாம் உப்பு கரைவதால் சுடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலோக வில்லையைச் சொடுக்கினால் வெண்மையாக உறைந்து சுடும் பையில் இருப்பது சோடியம் அசிடேட். அங்கே கரைதல் நடக்கவில்லை. கரைந்தது படிகமாகும்போது வெப்பம் வருகிறது. வெந்நீரில் போட்டு உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். உறையைக் கிழித்ததும் காற்றுப்பட்டுச் சுடும் சிறு பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும் வெப்பம்.

அடுத்த தைப்பூசத்துக்கு அந்தப் பெட்டியை வேனில் ஏற்றப் போவதில்லை. மோர்ப் பானைக்காகக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் ஒரு மூலையை மருமகள் கேட்டு வாங்கியிருக்கிறாள். பத்துப் பைகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஐஸ் நேராகப் படாமல் நடுவில் ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். 10 டிகிரியில் கிடக்கும் பை 20 டிகிரி இறங்கினால் உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதை வெறும் தோலில் வைத்தால் பனிக்காயம் உண்டாகலாம். ஆகவே பையை எடுத்த பிறகு சில்லிப்பு தணியும்வரை மேசையில் வைத்திருந்து, தொட்டுப் பார்த்து, அதற்குப் பின்தான் உடைத்துத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறாள்.